ரப்பரும் டிரைவரின் சிரிப்பும்

“அதெல்லாம் இருக்கட்டும். அந்த ஆளோட வாய் அவளுக்கு எப்படித் தெரிஞ்சுது? அதை மட்டும் சொல்லுங்க” என்று எதிர்க்கடைத் தையல்காரி இன்றைக்கும் கேட்கிறாள். கையில் துணி, வாயில் ஊசி. ஊசியை வைத்துக்கொண்டே இவ்வளவு பேசுகிறாள் என்றால் எடுத்துவிட்டால் எப்படி இருக்கும்!

“அவ ஓடிப்போனவதானே? தப்புப் பண்ணாதவ எதுக்கு ஓடணும்?” என்பது அவளுடைய அடுத்த கேள்வி.

அவள் ஓடவில்லை. பட்டப்பகலில், முன்வாசல் வழியாக, நடந்து போனாள். நான் அங்கேயே நின்றேன். தையல்காரியும்தான் நின்றாள், மிஷினை நிறுத்திவிட்டு. பார்த்தவள் பார்த்ததைச் சொல்லாமல், பார்க்காததை மட்டும் தெரு முழுக்கச் சொல்கிறாள். இத்தனை நாள் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்குக் காரணம் உண்டு. இப்போது சொல்லலாம் என்று சம்பந்தப்பட்டவளே சொல்லிவிட்டாள். அதனால் சொல்கிறேன். முதலிலிருந்து கேளுங்கள், நடுவில் குறுக்கே வராதீர்கள்.

அவளை எல்லோரும் ரப்பர் என்றுதான் கூப்பிடுவோம். என் மகனுடைய போட்டோ ஸ்டுடியோவில் பதினோரு வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவள். முகத்தில் பரு இருந்தால் அழிப்பாள், சட்டையில் கறை இருந்தால் அழிப்பாள், பின்னால் எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர் தலையையும் அழிப்பாள். அதனால் அந்தப் பெயர். ஸ்டுடியோவுக்குப் பின்னால் எங்கள் வீடு. மாடியில் ஒற்றை அறை அவளுக்கு. கல்யாணம் வேண்டாம் என்று சொன்னவள். ஏன் என்று நான் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும், “டீ ஆறிப்போகுதும்மா” என்றாள். அதற்குமேல் கேட்கவில்லை.

நான் எழுத்து படிக்கத் தெரியாதவள். ஆனால் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள வாசலில் என் நாற்காலி இருக்கும். அங்கிருந்தால் அவளுடைய கம்ப்யூட்டர் திரை தெரியும். படம் பார்க்க எழுத்து எதற்கு?

நோய்க்காலம் முடிந்த பிறகு எங்கள் கடைக்கு ஒரு புது வேலை வந்தது. மாஸ்க் போட்ட முகத்தோடு படம் கொண்டுவந்து, “மாஸ்க்கை எடுத்துக் குடுங்க” என்பார்கள். நிச்சயதார்த்தத்தில் எடுத்தது, பிள்ளை பிறந்த அன்று எடுத்தது, ஆள் போவதற்கு முன்னால் கடைசியாக எடுத்தது. மாஸ்க்கை எடு என்றால் ஏதோ தலையில் கட்டிய துண்டை எடுப்பது போல நினைத்துக்கொண்டு வருவார்கள். அடியில் முகம் இருக்கிறது என்று நினைப்பு. படத்தில் அடியில் ஒன்றும் இல்லை. துணிதான் இருக்கிறது. மூக்கையும் வாயையும் தாடையையும் வேறு எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும்.

ரப்பர் உடனே கேட்பாள்: “மாஸ்க் இல்லாம வேற படம் இருக்கா? இதே மாதிரி முகம் திரும்பினது, கிட்டத்தட்ட இதே வயசுல? மூணு நாலு கொண்டாங்க.” கொண்டுவந்தால் உட்கார்ந்து அளப்பாள். இந்தக் கண்ணுக்கும் அந்தக் கண்ணுக்கும் எவ்வளவு தூரம், அதை வைத்து மூக்குச் சிறகு எவ்வளவு அகலம் என்று. மாஸ்க்கின் மேல்விளிம்பில் உள்ள கம்பி எங்கே வளைகிறதோ அது மூக்குத்தண்டு. கீழ்விளிம்பு எங்கே இழுத்துக்கொண்டு நிற்கிறதோ அது தாடை. காதுப்பட்டி காதை முன்னால் இழுத்திருக்கும். மாஸ்க்கை எடுத்தால் காதையும் பின்னால் தள்ளி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் காது யாருக்கோ பயந்து நிற்பது போல இருக்கும். வேறு படமே இல்லை என்றால், “தெரியாத வாயை நான் வைக்க மாட்டேன்” என்று சொல்லிவிடுவாள்.

என் மகனுக்கு இதில் கோபம். அவன் புதிதாக ஒரு தானியங்கி மென்பொருள் வாங்கி வைத்திருந்தான். மாஸ்க்கைச் சுற்றி ஒரு கோடு போட்டால் அதுவே வாய் வரைந்துவிடும். “ஒரு நிமிஷ வேலையை நீ ஒரு வாரம் உருட்டுற” என்பான்.

“அது வரையுற வாய் ஊர்ல உள்ள ஆயிரம் பேரோட வாயைப் பார்த்துப் பழகினது அண்ணே. இவரோட வாயை அது பார்த்ததே இல்லை.”

“பார்க்கிறவன் கேக்கப் போறானா?”

“வீட்டுல உள்ளவங்க கேப்பாங்க.”

ஒரு முறை அவள் ஊரில் இல்லாதபோது என் மகன் ஒரு அம்மாளுக்கு அப்படிச் செய்து கொடுத்தான். மறுநாள் அந்த அம்மாள் படத்தோடு திரும்பி வந்து, “பல்லெல்லாம் ரொம்ப நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா எனக்கு மேல்வரிசையே கிடையாதே” என்றாள். நான் சிரித்த சிரிப்பில் என் மகன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இனி டிரைவர் விஷயத்துக்கு வருகிறேன்.

அவர் பஸ் டிரைவர். எங்கள் தெருவுக்கு நான்காவது தெரு. நோய்க்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் சக்கரம் மாற்றும்போது ஜாக்கிக் கம்பி தெறித்து இடது தாடையில் அடித்துவிட்டது. எலும்பு உடைந்தது, நாலு பல் போனது. ஒட்டவைத்தார்கள், ஆனால் தாடை இடது பக்கம் குழிந்து, முகவாய் அந்தப் பக்கமே ஒதுங்கிவிட்டது. உதட்டின் இடது முனை அசையாது. அந்த நேரத்தில் எல்லோருக்கும் மாஸ்க் வந்தது. அவருக்கு அது வரமாக வந்தது. எல்லோரும் கழற்றிய பிறகும் அவர் கழற்றவில்லை. டிப்போவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவாராம். பெற்ற தாய்க்குக்கூட முழு முகத்தைக் காட்டியதில்லை. மனைவியும் மகளும் மட்டும் பார்த்திருக்கிறார்கள்.

போன வருஷம் ஒரு நாள், பஸ் நிறுத்திவிட்டு இறங்கியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

பதினைந்து நாள் கழித்து அவர் மனைவி கடைக்கு வந்தாள். கூடவே மாமியார். கையில் சட்டம் போட்ட ஒரு படம். விபத்தே இல்லாமல் பஸ் ஓட்டியவர்கள் என்று டிப்போவில் நாற்பது பேர் படம் மாட்டியிருந்தார்கள், அதில் அவருடையது. டிப்போக்காரர்கள் கழற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மற்றவர்கள் எல்லோரும் முழு முகத்தோடு இருக்க, இவர் மட்டும் மாஸ்க்கோடு. ஆனால் கண்ணைப் பார்க்க வேண்டுமே! அப்படி ஒரு சிரிப்பு அந்தக் கண்ணில்.

“இந்தக் கண்ணு வேணும்” என்றாள் அந்தப் பெண். “மாஸ்க்கை மட்டும் எடுத்துடுங்க.” கல்யாணப் படத்தையும் நீட்டினாள். அதில் பதினாலு வருஷம் குறைந்த, மீசை முறுக்கிய, தாடை நேரான மாப்பிள்ளை.

என் மகன் கல்லாவிலிருந்து எழுந்து வந்தான். “இப்பவே பாருங்க” என்று அந்த மென்பொருளைத் தட்டினான். திரையில் ஒரு முகம் வந்தது. விளம்பரத்தில் பற்பசை பிடித்துக்கொண்டு நிற்பானே, அந்த முகம். மாமியார், “என் ராசா” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மனைவி திரையையே பார்த்தாள்.

“இது யாரு?” என்றாள்.

“உன் புருஷன்தான்டி” என்றாள் மாமியார்.

“இல்ல அத்தை. உங்க மகன் இப்படி இல்ல.” ரப்பரைப் பார்த்துத் திரும்பினாள். “கடைசியில எப்படி இருந்தாரோ அப்படி வேணும். கோணலா இருந்தாலும் பரவாயில்ல. முடியுமா?”

ரப்பர் அந்தச் சட்டம் போட்ட படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்றையும் கேட்கவில்லை. வேறு படம் இருக்கா, எந்தப் பக்கம் அடி பட்டது, எத்தனை பல் போச்சு, ஒன்றும் இல்லை. “வெச்சுட்டுப் போங்கக்கா” என்றாள். அவ்வளவுதான்.

எனக்கு அங்கேயே உறைத்தது. எப்போதும் கேட்பவள் ஏன் கேட்கவில்லை? ஏற்கெனவே தெரிந்தவளா?

எட்டு நாள் போனது. அந்தப் படத்தில் அவள் வேலை செய்ததை நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. கல்யாணப் படத்தை உறையிலிருந்து எடுக்கக்கூட இல்லை. நான் என் நாற்காலியை அரை அடி முன்னால் போட்டேன். அவள் திரையை அரை அடி திருப்பினாள். பதினோரு வருஷத்தில் அவள் எனக்குத் திரையை மறைத்தது அதுதான் முதல் தடவை.

அப்போதுதான் பழையது ஒன்று எனக்கு ஞாபகம் வந்தது. அதற்கு ஏழெட்டு மாதம் முன்னால், ஒரு முற்பகல், என் மகன் வெளி வேலைக்குப் போயிருந்தான். மாஸ்க் போட்ட ஒரு மனிதர் தனியாகக் கடைக்கு வந்தார். ரப்பர் உள்ளறைத் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். வெளிச்சத்துக்காக இழுப்பதுதான், தப்பில்லை. ஆனால் முக்கால் மணி நேரம். பாஸ்போர்ட் படம் எடுக்க ஐந்து நிமிஷம். நடுவில் ஓர் ஆண்சிரிப்பு கேட்டது. ரப்பரும் சிரித்தாள். பதினோரு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கீரையை விட்டுத் தண்டை எல்லாம் பாத்திரத்தில் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் ரப்பர் படத்தை அச்சடித்து உறையில் போட்டு வைத்தாள். டிரைவர் மனைவி தனியாக வந்தாள். உறையைப் பிரித்தாள். பார்த்தாள். அவள் முகம் போன போக்கை நான் எப்படிச் சொல்வேன்! முதலில் அப்படியே கரைந்தது. பிறகு மெதுவாக இறுகியது.

“தாடை சரி” என்றாள். “ஒதுங்கின முகவாய் சரி. யாராவது சொல்லியிருக்கலாம். இந்தச் சிரிப்பு?”

ரப்பர் மவுஸ் ஒயரைச் சுற்றினாள்.

“வலது பக்கம் மட்டும் மேல ஏறும், இடது பக்கம் அப்படியே கிடக்கும். சிரிக்கும்போது அந்த ஓட்டைப் பல்லு லேசாத் தெரியும். இது எனக்குத் தெரியும், என் மகளுக்குத் தெரியும். அடிபட்டதுக்கு அப்புறம் அவர் எங்க முன்னாடியே நாலு தடவைதான் சிரிச்சிருப்பாரு. நீ எங்க பார்த்த?”

“அக்கா…”

“அக்காவை விடு. எங்க பார்த்த?”

“அதை நான் சொல்ல முடியாதுக்கா.”

இதைவிடக் கெட்ட பதில் ஒன்று உலகத்தில் இருக்கிறதா? ‘ஏதோ தோணுச்சு, வெச்சேன்’ என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்தப் புத்தி அவளுக்குக் கிடையாது. அந்தப் பெண் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அழாமல் போய்விட்டாள்.

எதிரே தையல் மிஷின் நின்றிருந்தது. ஒரு பட்டன் வைக்கும் நேரத்தில் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. “அந்த டிரைவர் ஒரு நாள் இந்தக் கடைக்குள்ள போனதை என் ரெண்டு கண்ணால பார்த்தேன். வெளிய வர ஒரு மணி நேரம் ஆச்சு” என்று தையல்காரி அளந்தாள். துணி அளக்கும்போதும் அவள் அப்படித்தான், கால் மீட்டர் கூடவே வரும். “டிப்போ படமெல்லாம் டிப்போவுக்கே போயி எடுத்தாங்க. அப்புறம் இவருக்கு இங்க என்ன வேலை?”

அது உண்மைதான். என் மகன் கேமராவோடு டிப்போவுக்குப் போய் எல்லோரையும் வரிசையாக எடுத்தான். அவனுக்கும் சந்தேகம் வந்தது. “இந்தாளை நான் அங்க எடுத்தேனான்னு ஞாபகமே இல்லையே. நாற்பது பேர்ல யார் யாருன்னு…” என்று தலையைச் சொறிந்தான். பிறகு ரப்பரிடம் போய், “இந்தப் படம் எங்க எடுத்தது?” என்றான். அவள் மானிட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

“கடைப் பேரு கெட்டுட்டு இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு ஒரு பதில் வேணும். இல்லைன்னா சாவியை வெச்சுட்டுப் போயிடு.”

அவளுக்கு இருந்தது இரண்டுதான்: இந்த வேலை, மாடியில் அந்த அறை. இரண்டும் ஒரு வார்த்தையில் தொங்கின. அந்த ஒரு வார்த்தையை அவள் சொல்ல மாட்டேன் என்றாள்.

நானும் சந்தேகப்பட்டேன். ஒளிக்க மாட்டேன். மூன்று நாள் அவளுக்கு டீ நான் கொண்டுபோகவில்லை. மேசைமேல் மூடி வைத்துவிட்டு வந்தேன். நாலாம் நாள் என்னால் முடியவில்லை. மகன் சாப்பிடப் போன நேரம், கதவைச் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

“அந்த ஆள் சிரிச்சதை நான் கேட்டேன். நீ சிரிச்சதையும் கேட்டேன். இதை இதுவரைக்கும் நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்லட்டுமா, வேண்டாமா? நீயே சொல்லு.”

அவள் மவுஸை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். “சத்தியம் பண்ணுவீங்களா?”

“மாட்டேன். சத்தியத்துக்கெல்லாம் எனக்கு வயசில்ல. என் வார்த்தை வேணும்னா எடுத்துக்கோ.”

சிரித்துவிட்டாள். பிறகு திரையை என் பக்கம் திருப்பினாள்.

டிரைவர் இருந்தார். மாஸ்க்கோடு. சட்டத்தில் இருந்த அதே படம். ரப்பர் மவுஸை ஒரு தட்டுத் தட்டினாள். மாஸ்க் போய்விட்டது. கோணல் தாடை, ஒரு பக்கச் சிரிப்பு. இன்னொரு தட்டு. மாஸ்க் வந்துவிட்டது. போனது, வந்தது, போனது, வந்தது.

“அவ்வளவு சுலபமா எடுத்துட்டியா?” என்றேன்.

“எடுக்கலம்மா. போட்டேன்.”

எனக்குப் புரியவில்லை. புரியும்படி சொன்னாள்.

டிப்போவில் படம் எடுத்த அன்று, முகம் தெரிய வேண்டும், மாஸ்க் கூடாது என்று சொன்னதும் டிரைவர் நழுவிவிட்டார். மறுநாள் அவருக்கு விடுமுறை. முடிவெட்டப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு இங்கே வந்தார். என்ன தைரியம் வந்ததோ, நாற்காலியில் உட்கார்ந்து தானே மாஸ்க்கைக் கழற்றினார். ரப்பர் எடுத்தாள். பேச்சுக் கொடுத்துச் சிரிக்கவைத்தும் எடுத்தாள். அந்தப் படத்தைத் திரையில் பெரிதாகக் காட்டியதும் மனிதர் ஒடுங்கிப்போனார். “இதை மாட்ட வேணாம்மா. மாஸ்க் போட்டே எடுத்துடு” என்றார். போட்டு எடுத்தாள். கண் செத்துக் கிடந்தது. “அந்தக் கண்ணு இருக்கட்டும், இந்த மாஸ்க் இருக்கட்டும். சேர்க்க முடியுமா?” என்று கேட்டாராம்.

சேர்த்தாள். இரண்டும் ஒரே நாற்காலி, ஒரே வெளிச்சம். மாஸ்க்கை ஒன்றிலிருந்து வெட்டி, இன்னொன்றின்மேல் தனித் தாளாகப் போட்டாள். ஒரு கண்ணாடித் தாள்மேல் இன்னொரு கண்ணாடித் தாள் வைப்பது மாதிரி. அடியில் இருப்பது அப்படியே இருக்கும். ஆனால் வெட்டி ஒட்டினால் மட்டும் போதாது. சிரிக்கும்போது கன்னம் மேலே ஏறும். மாஸ்க்கின் மேல்விளிம்பையும் ஏற்ற வேண்டும், கண்ணுக்குக் கீழே ஒரு சுருக்கம் விழ வேண்டும். காதை முன்னால் இழுத்தாள். கழுத்தில் மாஸ்க்கின் நிழல் போட்டாள். கீழ்விளிம்பை முகவாய் ஒதுங்கிய பக்கமே ஒதுக்கி, இடது பக்கத்தில் துணியைக் குழியவிட்டாள்.

“மாஸ்க்தானே, அங்கயாவது நேராக்கிடேன்னு கேட்டாரும்மா. மாட்டேன்னேன். துணி மூடினாலும் அது அவரு தாடைதானே?”

“அதுக்கு என்ன சொன்னாரு?”

“‘உன்னைக் கட்டிக்கப் போறவன் பாவம்’னாரு.”

அதற்குத்தான் அவள் சிரித்திருக்கிறாள். நான் கீரைத்தண்டைப் போட்டதுதான் மிச்சம். மாஸ்க் போட்ட அந்தப் படத்தை மற்றவர்கள் படத்தோடு சேர்த்து அனுப்ப, டிப்போக்காரர்களும் மாட்டிவிட்டார்கள்.

“சரி, இதுல சொல்ல முடியாதது என்னடி இருக்கு? அந்தப் பொண்ணுகிட்ட இதைக் காட்டினா முடிஞ்சது!”

அவள் தலையை ஆட்டினாள். “அந்த அக்கா ரெண்டு வருஷமா அவர்கிட்டக் கேட்டிருக்காங்க. மகளோட சேர்ந்து, மாஸ்க் இல்லாம, ஒரே ஒரு படம். இவரு மாட்டேன் மாட்டேன்னுட்டாரு. கிளம்பும்போது வாசல் வரைக்கும் போனவரு திரும்பி வந்து சொன்னாரு. ‘டிப்போ போர்டுக்காக நான் கழட்டினேன்னு அவளுக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா. உன் வாயால வரக்கூடாது’ன்னு. சரின்னு சொன்னேன். ஆளே இல்லாதபோது அதை எப்படி மாத்துறது?”

“அப்ப அந்தப் படத்தை ஏன் குடுத்த? கல்யாணப் படத்து வாயை வெச்சிருக்கலாமே. ஒரு பேச்சும் வந்திருக்காது.”

“எட்டு நாள் அதைத்தாம்மா யோசிச்சேன். ‘எப்படி இருந்தாரோ அப்படி’ன்னு கேட்டாங்க. அசல் என்கிட்ட இருக்கு. அதை வெச்சுக்கிட்டு ஒரு பொய் வாயை வெக்க எனக்குக் கை வரலை.”

எனக்கு அவளை ஓங்கி ஒன்று போடலாம் போல இருந்தது. கட்டிப்பிடிக்கலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் புது டீ போட்டுக் கொண்டுவந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. என் மகன் கல்லாவில் உட்கார்ந்து, “என்ன முடிவு பண்ணின?” என்றான். அவள் கடைச்சாவியையும் மாடிச்சாவியையும் எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

“அப்போ எல்லாரும் சொல்றது உண்மைதானா?” என்றான். என் வயிற்றில் பிறந்தவன்தான் கேட்டான். என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ரப்பர் என்னைப் பார்த்தாள். விழுங்கிக்கொண்டேன்.

அவள் மாடிக்குப் போய்ப் பெட்டியைக் கட்டிக்கொண்டு இறங்கியபோது, வாசலில் டிரைவர் மனைவி நின்றிருந்தாள். கையில் அதே உறை. தையல் மிஷின் சத்தம் சட்டென்று நின்றது.

அந்தப் பெண் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நேராக ரப்பரிடம் வந்து படத்தை எடுத்து, உதட்டுக்குக் கீழே விரலை வைத்தாள். “இது என்ன?”

நானும் எட்டிப் பார்த்தேன். கீழுதட்டுக்கு அடியில் ஒரு சின்னச் சிவப்புக் கீறல், எறும்பு அளவுக்கு.

“ஷேவிங் பண்ணும்போது வெட்டினது” என்றாள் ரப்பர் மெதுவாக.

“ஊருக்கெல்லாம் பருவை அழிக்கிறவ இதை ஏன் அழிக்கலன்னு முந்தாநேத்துதான் தோணுச்சு. இந்தப் பள்ளத்துல பிளேடு சரியா ஓடாது. அன்னைக்குக் காலையில ரத்தம் நிக்கல. நான்தான் பிளாஸ்திரி ஒட்டினேன். டிப்போவுல படம் எடுத்ததுக்கு மறுநாள். முடிவெட்டப் போறேன்னு, நான் தேய்ச்சு வெச்ச இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டுப் போனாரு. முடியே வெட்டாம வந்தாரு.” மூச்சு வாங்கினாள். “அன்னைக்கு இங்க வந்து கழட்டித்தான் எடுத்திருக்காரு. அப்புறம் நீ மாஸ்க்கைப் போட்டிருக்க. அப்படித்தானே?”

ரப்பர் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கண் மட்டும் நிறைந்துவிட்டது.

“சொல்ல வேணாம்னாரா?”

தலை அசைந்தது.

“எனக்கு ரெண்டு வருஷமாத் தராததை டிப்போ சுவத்துக்குக் குடுக்கப் பார்த்திருக்காரு.” அந்தப் பெண் எங்கள் நாற்காலியில் உட்கார்ந்தாள். படம் எடுக்கும் நாற்காலி. அவர் உட்கார்ந்ததும் அதில்தான்.

ரப்பர் பெட்டியைக் கீழே வைத்தாள். போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தாள். “நீங்களே கண்டுபிடிச்சுட்டீங்க. என் வாயால வரல” என்று சொல்லிவிட்டு, அன்று எடுத்த முதல் படத்தைத் திரையில் கொண்டுவந்தாள். அச்சடிக்காத படம். டிரைவர் மாஸ்க் இல்லாமல் இருக்கிறார். உதட்டுக்குக் கீழே ஒரு பெரிய பிளாஸ்திரி, முகவாயில் பாதியை மறைத்துக்கொண்டு. அதைத் தானே விரலால் காட்டி, ஏதோ சொல்ல வாயைத் திறந்திருக்கிறார்.

“இதை எடுத்துட்டு உக்காருங்கன்னு சொன்னேன். அதுக்கு, ‘துளியூண்டு வெட்டுக்கு என் பொண்டாட்டி குண்டடி பட்டவனுக்குக் கட்டுற மாதிரி கட்டி அனுப்பியிருக்கா பாரு’ன்னாரு. சொல்லிக்கிட்டே பிச்சு எடுத்தாரு. அடுத்த படம்தான் நீங்க வெச்சிருக்கிறது. அந்தச் சிரிப்பு உங்களைப் பத்திச் சொல்லும்போது வந்ததுக்கா.”

அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தின வாயோடே, “பிளாஸ்திரி பெரிசாப் போயிடுச்சு அன்னைக்கு. கத்திரிக்கோல் கிடைக்கல, முழுசா ஒட்டிட்டேன்” என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “என்னையும் பாப்பாவையும் இவர் பக்கத்துல சேர்த்துக் குடுப்பியா? மூணு பேரும் சேர்ந்து நிக்கிற மாதிரி?”

என் மகன் முந்திக்கொண்டான். “தாராளமாப் பண்ணிடலாம்மா, அஞ்சு நிமிஷம்…”

“அது நடக்கலையேக்கா” என்றாள் ரப்பர்.

அங்கே அவள் ஆமாம் என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? எனக்கே கோபம் வந்தது. அந்தப் பெண் திரையில் இருந்தவரைத் தொட்டாள். பிறகு, “ஆமா, நடக்கல” என்றாள். “இந்த பிளாஸ்திரிப் படத்தை மட்டும் ஒண்ணு போட்டுக் குடு. சின்னதா. வேற யாருக்கும் காட்ட மாட்டேன்.” ரப்பர் போட்டுக் கொடுத்தாள். அந்த இயந்திரத்தில் அவள் போட்ட கடைசிப் படம் அதுதான். ஒன்றையும் அழிக்கவில்லை.

அந்தப் பெண் போகும்போது என் கையைப் பிடித்து, “யாராவது கேட்டா நீங்க சொல்லுங்கம்மா. எங்க அத்தை இருக்கிற வரைக்கும் மட்டும் பொறுங்க. அவங்களுக்குக்கூடக் காட்டாத முகம் இது” என்றாள். போன மாதம் அந்த அம்மாளும் போய்ச் சேர்ந்தாள்.

என் மகன் சாவி இரண்டையும் எடுத்து ரப்பரிடம் நீட்டினான். “மேல போய்ப் பெட்டியை வை” என்றான், காலைப் பார்த்துக்கொண்டு.

“இல்லண்ணே.”

“அதான் எல்லாம் தெரிஞ்சு போச்சே.”

“தெரியாதபோது என்ன கேட்டீங்கன்னு எனக்கும் தெரிஞ்சு போச்சுண்ணே.” கோபமாகச் சொல்லவில்லை. விலை சொல்வது போலச் சொன்னாள்.

நான் அவள் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். விடவில்லை. அவளும் விடவில்லை. இரண்டு பேரும் வாசலில் பெட்டியை இழுத்துக்கொண்டு நின்றோம்.

“மூணு நாள் டீயை மூடி வெச்சுட்டுப் போனீங்கள்ல” என்றாள்.

“ஆமாடி. வெச்சேன்.”

“ஆறிப்போச்சும்மா. ஆனாலும் குடிச்சேன்.”

என் கை தானாக விட்டுவிட்டது. அவள் படி இறங்கினாள். எதிரே தையல்காரி வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு, எதையோ கேட்க வாயைத் திறந்தாள். ரப்பர் நின்று அவள் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள், அளப்பது போல, இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரைக்கும். தையல்காரி வாயை மூடிக்கொண்டாள். ரப்பர் பெட்டியைக் கை மாற்றிக்கொண்டு தெருவின் வெயிலில் நடந்து போனாள்.